பால் திரிவதும் தயிர் உறைவதும்

சித்திரை வெயிலில் காலைப் பாலைக் காய்ச்ச மறந்துவிட்டு, பதினொரு மணிக்கு நினைவு வந்து அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது திருவையாறு பக்கம் எந்த வீட்டிலும் தெரிந்த கதை. பால் பொங்காது. ஓரத்தில் நுரை கட்டும் முன்பே திரிந்து, வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கமும் லேசாகப் பச்சை அடிக்கும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அதே மாட்டின் பாலை நேரத்தோடு காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு கரண்டி தயிரைக் கலந்து மூடி வைத்தால் மாலையில் பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாத தயிர் கிடைக்கிறது.

இரண்டு இடத்திலும் வேலை செய்தது ஒரே வகை அமிலம். அதை உண்டாக்கியது ஒரே வகைப் பாக்டீரியா. கெட்டியானதும் ஒரே புரதம். ஒன்றைக் கொட்டுகிறோம் (சர்க்கரை போட்டுக் கிண்டித் திரட்டுப்பால் மாதிரி ஒப்பேற்றுபவர்களும் உண்டு), இன்னொன்றைச் சோற்றில் பிசைகிறோம். வித்தியாசம் எங்கே வருகிறது?

நான் பல வருடம் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் புளிப்பை எண்ணில் காட்டும் பேனா அளவுள்ள பிஎச் மீட்டர் ஒன்று சமையலறை அலமாரியில் இருக்கிறது. எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்களுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். போன சித்திரையில் அதை வைத்து ஒரு பகல் முழுக்கத் தயிர் உறைவதைப் பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் பாலுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு லிட்டர் பசும்பாலில் புரதம் 32, 33 கிராம் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 26 கிராம் வரை, கேசீன். இது சர்க்கரை மாதிரி கரைந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் சேர்ந்து சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கின்றன. மைசெல் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். நான் உருண்டை என்றே சொல்கிறேன். ஒரு தலைமுடியின் குறுக்கே 500 உருண்டைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. பால் வெள்ளையாகத் தெரிவதில் கொழுப்புத் துளிகளோடு இவற்றுக்கும் பங்கு உண்டு. உருண்டையின் உள்ளே கேசீன் இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம் பாஸ்பேட். செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து மாதிரி அது.

உருண்டைக்கு வெளியே இருப்பதுதான் முக்கியம். கடம்பப் பூவைப் பார்த்திருப்பீர்கள். பந்து மாதிரி இருக்கும், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெல்லிய முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கேசீன் உருண்டையும் ஏறக்குறைய அப்படித்தான். கப்பா கேசீன் என்ற வகையின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீரில் அலைந்தபடி இருக்கின்றன. அவற்றில் எதிர்மின்சுமை இருக்கிறது. இரண்டு உருண்டைகள் நெருங்கினால் இந்த முடிகள் முட்டிக்கொள்கின்றன, மின்சுமையும் தள்ளிவிடுகிறது. அதனால்தான் பாலைக் கொதிக்க வைத்தாலும், ஆறவைத்துத் திரும்பச் சுட வைத்தாலும் கேசீன் ஒட்டிக்கொள்ளாமல் பாலாகவே இருக்கிறது.

இந்த முடியை எடுத்துவிட்டால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். சீஸ் செய்கிறவர்கள் ரென்னட் என்ற நொதியால் முடியைச் சிரைத்தே விடுகிறார்கள். தயிரில் யாரும் சிரைப்பதில்லை. அமிலம் ஏற ஏற மின்சுமை குறைந்து, முடிகள் தாமாகப் படிந்துவிடுகின்றன.

அமிலம் உறையிலிருந்து வருகிறது. சிலர் வீட்டில் உறை ஊற்றுவது, சிலர் வீட்டில் பிரை குத்துவது, இன்னும் சிலர் வீட்டில் தோய்ப்பது; எப்படிச் சொன்னாலும் போவது லாக்டிக் அமிலப் பாக்டீரியா. நம் வீட்டுத் தயிரில் ஒரே இனம் இருக்காது. பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்தை விரும்பும் லாக்டோகாக்கஸ் வகை இருக்கும். கூடவே 40 டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் வகைகள், சில சமயம் ஈஸ்ட்கூட இருக்கும். கடையில் யோகர்ட் என்று விற்பதற்கு இரண்டே இனங்கள், 42 டிகிரி வெப்பம் என்று கணக்கு உண்டு. வீட்டு உறைமோரில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது வீட்டுக்கு வீடு மாறும். லாக்டோகாக்கஸை முதலில் தனியாகப் பிரித்தெடுத்தவர் அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர். 1870-களில், புளித்த பாலை ஒரு துளிக்கு ஒரு பாக்டீரியா என்ற அளவு வரும்வரை நீர்க்கச் செய்து, அப்படி ஒற்றையாகப் பிடித்தார்.

பாக்டீரியாவுக்கு வேண்டியது பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை. அதை உடைத்து உயிர் வாழ்வதற்கான சக்தியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. லிட்டருக்கு 47, 48 கிராம் லாக்டோஸில் பத்துக் கிராம் அளவுக்கு அமிலமாக மாறினாலே தயிர் நன்றாகப் புளித்துவிடும். தயிரில் சர்க்கரை தீர்ந்துபோய்ப் பாக்டீரியா நிற்பதில்லை. தான் கக்கிய அமிலமே தாங்காமல்தான் அது மந்தமாகிறது.

உறையின் அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நல்ல தயிரில் ஒரு மில்லிக்குப் பத்துக் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியா இருக்கும். அரை லிட்டர் பாலில் ஒரு தேக்கரண்டி கலந்தால் நூறு மடங்கு நீர்த்துப்போய், மில்லிக்குப் பத்து லட்சத்தில் தொடங்குகிறது. பழைய எண்ணிக்கையை எட்ட ஏறக்குறைய ஏழு முறை இரட்டிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு இரட்டிப்புக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஐந்தேகால் மணி நேரம். சரி, அவசரத்துக்கு இரண்டு கரண்டி ஊற்றினால்? ஒரே ஒரு இரட்டிப்புதான் மிச்சமாகும், முக்கால் மணி நேரம். ஆனால் நேற்றைய புளிப்பும் இரண்டு மடங்கு பாலுக்குள் போகும். மார்கழியில் உறை சரியாக விழவில்லை என்று அள்ளி ஊற்றுகிறவர்களுக்குக் கிடைப்பது சீக்கிரம் உறையும் தயிரைவிடச் சீக்கிரம் புளிக்கும் தயிர்தான். குளிர் இரவில் இரட்டிக்கும் நேரமே இரண்டு மூன்று மடங்கு நீண்டுவிடுகிறது. அதைக் கரண்டியால் சரிக்கட்ட முடியாது. பாத்திரத்தை வைக்கோலுக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ வைத்துச் சூட்டைக் காப்பாற்றிய பழைய வழக்கம்தான் சரி.

இப்போது அந்தச் சித்திரைப் பகல். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். அவரிடம் காலையில் ஒரு லிட்டர் வாங்கி இரண்டு பங்காகப் பிரித்தேன். முதல் பங்கைக் கொதி வரும்வரை காய்ச்சி, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தேன். வற்றிய தண்ணீரைத் தராசில் பார்த்து, கொதித்து ஆறிய தண்ணீரால் ஈடுகட்டினேன். இல்லாவிட்டால் வற்றியதால்தான் கெட்டியானது என்று யாராவது சொல்வார்கள். இரண்டாவது பங்கை 65 டிகிரிக்கு மேல் போகவிடாமல் அரை மணி நேரம் வைத்தேன். கிருமிக்கு அது போதும், ஆனால் கொதிக்கவில்லை. இரண்டும் 38 டிகிரிக்கு, அதாவது விரலை விட்டால் வெதுவெதுப்புத் தெரியும் சூட்டுக்கு வந்ததும், ஒரே தயிரிலிருந்து ஆளுக்கொரு தேக்கரண்டி. உறையும்போது அசைத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றிலும் கொஞ்சத்தைச் சின்ன டம்ளர்களில் ஊற்றி, அளக்கும்போது ஒரு டம்ளரை எடுத்து ஒதுக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு உறை ஊற்றியபோது பிஎச் 6.6. பதினொரு மணிக்கு 6.5. பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கிறது, ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. பன்னிரண்டரைக்கு 6.1. நாக்கில் வைத்தால் பால்தான், லேசாக ஒரு கூர்மை மட்டும் வந்திருக்கும். உள்ளே அதற்குள் சாந்து கரையத் தொடங்கிவிட்டது. அமிலம் ஏறும்போது உருண்டைக்குள் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கும். பிஎச் 5-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய முழுதும் இறங்கிவிடும். தயிர்த் தண்ணீரைக் கொட்டாதே என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்; கால்சியத்தில் ஒரு நல்ல பங்கு அதில்தான் இருக்கிறது. உருண்டைகள் வடிவம் கலையாவிட்டாலும் உள்ளே தளர்ந்துவிடுகின்றன.

ஒன்றரைக்கு 5.7. இரண்டேகாலுக்கு 5.3. அந்த நேரத்தில் இரண்டு டம்ளரையும் ஒன்றாகச் சாய்த்தேன். காய்ச்சிய பாலின் டம்ளரில் மேற்பரப்பு சாய்வோடு ஓடவில்லை. கொஞ்சம் நடுங்கி, அப்படியே நின்றது. இளந்தயிர். மற்றது பாலாகவே வழிந்தது. புளிப்பு இரண்டிலும் ஒன்றுதான், மீட்டரில் வித்தியாசம் இல்லை. மூன்றேகாலுக்கு பிஎச் 4.9-க்கு வந்த பிறகுதான் இரண்டாவது டம்ளர் இறுகத் தொடங்கியது.

கொதிக்க வைத்ததால் என்ன மாறியது? பாலில் கேசீன் போக மிச்சம் இருக்கும் ஆறேழு கிராம் புரதம் தண்ணீரில் கரைந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு பீட்டா லாக்டோகுளோபுலின். கேசீன் சூட்டுக்கு அசையாது, இது அசையும். 70 டிகிரி தாண்டியதும் சுருண்டிருந்த இது பிரிந்து, உள்ளே மறைந்திருந்த கந்தகக் கைகள் வெளியே வருகின்றன. அருகில் இருக்கும் கேசீன் உருண்டையின் கப்பா கேசீனிலும் அதே மாதிரிக் கந்தகம் இருக்கிறது. இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. இப்படி உருண்டையின் மேல் ஒரு புது மேலாடை ஏறிவிடுகிறது.

இந்த மேலாடையின் குணம் வேறு. கேசீனின் மின்சுமை சமனாவது பிஎச் 4.6-இல். லாக்டோகுளோபுலினுக்கு அது 5.2-க்குப் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே காய்ச்சிய பாலில் உருண்டைகள் முன்னதாகவே ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்குகின்றன. பிடித்த இடங்களிலும் கந்தகக் கட்டு கூடுதலாகக் கிடைப்பதால் வலை உறுதியாகிறது. பாக்கெட் பால் ஏற்கெனவே சூடாக்கியதுதானே, நேரே உறை ஊற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அதற்குக் கொடுக்கும் சூடு வழக்கமாக 72 டிகிரியில் 15 விநாடி. கிருமிக்கு அது போதும், லாக்டோகுளோபுலினில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். தயிருக்கு என்றால் அதையும் கொதிக்கவிட்டுச் சில நிமிடம் சிறு தீயில் வைக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு இரண்டும் 4.5. கண்ணுக்கு இரண்டும் தயிர். கரண்டியால் ஒரு குழி எடுத்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். காய்ச்சிய பாலின் குழியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் ஊறியிருந்தது, வெட்டிய ஓரம் வெட்டினபடியே நின்றது. மற்றதில் குழி பாதி நிரம்பி, ஓரங்கள் சரிந்திருந்தன.

அந்தத் தண்ணீரைப் பற்றி யோசித்தால் ஆச்சரியப்பட வேண்டியது ஊறி வெளியே வந்ததைப் பற்றி இல்லை. தயிரில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். வலைபின்னி நிற்கும் புரதம் மூன்று பங்குக்குச் சற்றே கூட. அவ்வளவு கொஞ்சம் புரதம் அவ்வளவு தண்ணீரைக் கொட்டாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு உருண்டையும் பக்கத்து உருண்டையோடு ஒட்டி, சங்கிலியாகி, சங்கிலிகள் கிளைத்து, பாத்திரம் முழுக்க ஒரே வலையாக நிற்கிறது. கண்ணிகளுக்கு நடுவே தண்ணீரும் கொழுப்புத் துளிகளும் பாக்டீரியாவும் மாட்டிக்கொள்கின்றன. எருமைத் தயிர் கட்டியாக இருப்பதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. கேசீனும் கால்சியமும் கூட, கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே அளவு இடத்தில் நூல் அதிகம், தண்ணீர் குறைவு.

இந்த வலை பின்னுவதற்கு அவகாசம் வேண்டும். காலைப் பாலைப் பதினொரு மணிக்கு அடுப்பில் ஏற்றியவர் அந்த அவகாசத்தைத்தான் கொடுக்கவில்லை. காய்ச்சாமல் வெயிலில் கிடந்த பாலில் பிஎச் 6-க்குக் கீழே இறங்கியிருக்கும். அறைச் சூட்டில் அது இன்னும் பால்தான், ஊற்றினால் ஓடும். கொதிக்கும் சூட்டில் உருண்டைகள் வேகமாக மோதுகின்றன, மோதியவுடன் ஒட்டுகின்றன. மின்சுமையும் பாதி போய்விட்டது. சங்கிலியாக நீளும் முன்பே திரளாக அடைந்து, தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடுகின்றன. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பவர் செய்வதும் இதேதான். அவர் வேண்டுமென்றே செய்கிறார்.

பாதி அவசரத்துக்குப் பாதி தண்டனை உண்டு. பால் 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது உறை ஊற்றி, அடுப்பு மேடையின் சூட்டிலேயே விட்டால் தயிர் மூன்று நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஆனால் அந்த வலையின் கண்ணிகள் பெரிதாக, முரடாக இருக்கும். தொட்டதும் தண்ணீர் விடும். 30 டிகிரிக்குப் பக்கத்தில் நிதானமாக உறைந்தது வழவழப்பாக இருக்கும், தண்ணீரும் எளிதில் விடாது. சூடு தணியாமல் 55, 60-இல் ஊற்றினால் லாக்டோகாக்கஸ் பிழைக்காது. மறுநாள் காலை பாத்திரத்தில் கெட்ட வாடையோடு பால்தான் இருக்கும். இன்னொன்று, உறையும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்ப்பது. அப்போது அறுந்த சங்கிலி திரும்பச் சரியாக ஒட்டுவதில்லை. அறுந்த வழியெல்லாம் தண்ணீர் கசியும். உறைந்துவிட்டதா என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக ஊற்றிவைத்து அதை ஆட்டலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் தயிர் உறையாமல் போன ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் அதே பக்கத்து வீட்டு அக்காவின் பால் மூன்று நாள் உறையவே இல்லை. காலையில் பார்த்தால் பாலாகவே இருந்தது. முதல் நாள் அவரே சொன்னார், "தம்பி, உங்க உறையிலதான் ஏதோ கோளாறு." இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். அப்புறம் அதே உறையில் ஒரு கரண்டியைப் பாக்கெட் பாலில் ஊற்றினேன். ஐந்து மணி நேரத்தில் உறைந்தது. இன்னொரு வீட்டு உறையை வாங்கி அக்காவின் பாலில் ஊற்றினேன், உறையவில்லை. ஆக, கோளாறு பாலில்.

பாலில் என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, கெடாமல் இருக்கச் சோடா மாவு போடுவது. அது அமிலத்தை அவ்வப்போது தின்றுவிடுவதால் பிஎச் இறங்கத் தாமதமாகும், ஆனால் பாக்டீரியா பெருகிக்கொண்டுதான் இருக்கும், ஒருவழியாக உறையும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். புதுப் பாலே 6.6 தான் காட்டியது. சோடா போட்டிருந்தால் அதற்கு மேலே இருந்திருக்கும். ஆறு மணி நேரம் கழித்தும் 6.5. அமிலத்தை யாரும் தின்னவில்லை, அமிலமே உண்டாகவில்லை.

அக்காவிடம் மாட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். ஒரு மாட்டுக்கு மடிவீக்கம் வந்து, காம்பு வழியாக மருந்து ஏற்றியிருந்தார்கள். எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மடிவீக்கத்துக்குக் கொடுப்பது பெரும்பாலும் பென்சிலின் வகை. லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு அது கொஞ்சமே போதும், பெருகுவது நின்றுவிடும். இரண்டு மாட்டுப் பாலையும் ஒரே தூக்கில் கலந்ததால் முழுப் பாலும் கெட்டது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. கொதிநிலையில் அந்த மருந்தில் பெரும்பகுதி அழியாமல் தங்கும். காப்பி போட்டுக் குடித்தால் நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உறை ஊற்றினால்தான் தெரியும்.

மருந்துப் புட்டியின் மேலுறையை அவர் எரவாணத்தில் செருகி வைத்திருந்தார். கடைசியாக மருந்து ஏற்றியதிலிருந்து எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, ஆங்கிலத்தில். அத்தனை நாளும் அந்த மாட்டின் பாலைத் தனியாகக் கறந்து கீழே ஊற்றினார். கெடு முடிந்த மறுநாள் காலை ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் வந்து, என் கண் முன்னால் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.